வழக்கு நிலுவை மறுப்புக்குக் கரணியமாகுமா?



தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து உழவர் ஒருவரை எண்ணிக் கொள்வோம். அவர் அறியாமலே அவர் நிலத்தின் பட்டா வேறொருவர் பெயருக்கு மாறிவிட்டது. அவர் உரிமையியல் வழக்குமன்றத்தில் வழக்கும் தொடுத்துவிட்டார். பட்டா எவ்வாறு மாறிற்று என்பதைக் காட்டும் கோப்போ வட்டாட்சியர் அலுவலகத்தில் உறங்குகின்றது.

2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி, அவ்வலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 உருபா கட்டணத்துடன் அவர் விண்ணப்பிக்கலாம். அப்பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம் என்று 6ஆம் பிரிவே கூறுவதால், தமிழே போதும். எதற்காகக் கேட்கிறார் என்று சொல்லவும் தேவையில்லை. ஆனால், 'ஏன் மாற்றினீர்?' என்று வினவலாகாது. அலுவலகத்தில் உள்ள ஆவணத்தையே கேட்க வேண்டும். மாற்றம் வேண்டிய மனு, அதனுடன் இணைத்த ஆவணங்கள், ஊர் ஆட்சி அலுவலர் அறிக்கை, நில உரிமையாளருக்கு அறிவிப்புச் சார்வு செய்த சான்று, ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட படிகள் எனப் பெயர் சொல்லிக் கேட்பதே முறை.

முப்பது நாளில் விடை வருகிறது: 'வழக்கு நிலுவையில் உள்ளது, தர இயலாது.' பலர் இங்கேயே சோர்ந்து விடுகின்றனர். சட்டமோ அவ்வாறு கூறவில்லை. வழக்குமன்றம் வெளிப்படையாகத் தடுத்ததையும், வெளியிட்டால் மன்ற அவமதிப்பு ஆவதையும் 8(1)(ஆ) விலக்குகிறது. குற்றப் புலனாய்வுக்கோ குற்றவாளியைப் பிடித்து வழக்கு நடத்துவதற்கோ இடையூறு விளைப்பதை 8(1)(ஏ) விலக்குகிறது. வழக்கு இருப்பது மட்டும் இவற்றுள் எதுவுமன்று.

தில்லியில் ஒருவர், மனைவி தொடுத்த குற்றவழக்கை எதிர்கொள்ள வருமானவரித் துறையிடம் ஆவணங்கள் கேட்டார். தனிச்செய்தி என்று கூறி மறுத்தனர். முதல் மேல்முறையீட்டில் புலனாய்வு விலக்கையும் சேர்த்துச் சுட்டி மறுத்தனர். தில்லி உயர் அறமன்றம் 3.12.2007 அன்று, புலனாய்வு நடக்கிறது என்பது மட்டும் போதாது, வெளியிடுவதால் அது எவ்வாறு தடைப்படும் என்று காட்ட வேண்டும் எனத் தீர்த்தது.

உழவரின் முதல் மேல்முறையீடும் இதையே கேட்க வேண்டும். மறுப்புக் கிடைத்த முப்பது நாளுக்குள், அதில் குறித்த மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுக. விடையே வராதிருப்பின், முதல் முப்பது நாள் முடிந்ததிலிருந்து எண்ணுக. 'எந்த உட்பிரிவில் மறுத்தார்? எந்த மன்றத் தடையாணை உள்ளது?' என்று கேட்டு, மறுப்பு முறையானதென மெய்ப்பிக்கும் பொறுப்பு 19(5)இன்படி அலுவலருடையது என்பதையும் சுட்டுக. பிறர் தனிச்செய்தி கலந்திருந்தால், 10ஆம் பிரிவுப்படி அதை மறைத்து எஞ்சியதைத் தருமாறு வேண்டுக. முடிவு முப்பது நாளில், கரணியம் எழுதினால் 45 நாளுக்குள் வரவேண்டும்.

இதற்கோர் எல்லையுண்டு. மன்றத்தின் சொந்தக் கட்டுகளுக்கு இவ்வழி செல்லாது. மன்ற விதிப்படியே படி கேட்க வேண்டும் என்று உச்ச அறமன்றம் 4.3.2020 அன்று தீர்த்துள்ளது. மேலும், இம்முறையீட்டுக்காக வழக்கு காத்திராது. சான்று கூறும் நாள் நெருங்கினால், அக்கோப்பை வரவழைக்குமாறு மன்றத்திலேயே மனுக் கொடுப்பதே உழவருக்குக் காப்பு.