பழைய இலக்கமும் புதிய வழியும்

கையடக்கத் தொலைபேசி இலக்கத்தின் முதல் எண்களைக் கண்டே அஃது எந்த நிறுவனத்துக்குரியது என ஒரு காலத்தில் அறிய முடிந்தது. அழைப்புக்கு வழி வகுத்தவையும் அவ்வெண்களே. இலக்கத்தை மாற்றாது நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரியில் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது அந்த அடையாளம் பொய்த்தது.

அங்கே ஒரு வணிகர் ‘அ’ நிறுவனத்தை விட்டு ‘ஆ’வுக்கு மாறினார் என்று கொள்வோம். ‘இ’ நிறுவனத்தின் வாடிக்கையாளர் அவரை அழைக்கிறார். உடனே ‘இ’யின் நிலையம், மாறிய இலக்கங்களின் பதிவேட்டை நோக்குகிறது, ‘ஆ’வுக்குரிய வழிக்குறியை இலக்கத்தின் முன் சேர்த்து, அழைப்பை நேரே ‘ஆ’வுக்கு அனுப்புகிறது. ‘ஆ’ அக்குறியை நீக்கிவிட்டு வணிகரின் தொலைபேசியை ஒலிக்கச் செய்கிறது. பழைய நிறுவனமாகிய ‘அ’வுக்கு இதில் வேலையே இல்லை.

ஆனால் பதிவேட்டின் பிரதியை ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் வைத்திருக்கிறது. ‘இ’யின் பிரதி பழையதாயிருப்பின், அதன் வாடிக்கையாளரின் அழைப்புகள் மட்டும் ‘அ’வுக்குச் சென்று வீணாகும். பிறர் அழைப்புகள் வந்துசேரும். வணிகர் விடுக்கும் அழைப்புகளும் தடையின்றிச் செல்லும். ஆதலின் வாடிக்கையாளர் சிலரை இழப்பதை அவர் அறியாமலே இருக்கக்கூடும். இதற்கான முறைப்பாடு செல்லவேண்டிய இடம், அழைத்தவரின் நிறுவனமாகிய ‘இ’யே.