முதல் கீமோவுக்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

(இளம் வயதுப் புற்றுநோயாளிகள், குடும்பத்தினருக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் கருத்தரிப்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் கையில் ஒரு ஃபைலோடு வந்திருக்கிறீர்கள். பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன், அடுத்த வாரம் கீமோ என்று எழுதிய சீட்டு எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் இப்போது ஒரே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும்: உயிர் பிழைக்கணும், சீக்கிரம் மருந்தை ஏத்தணும். அது சரிதான். ஆனால் அந்த முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்னால் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். "டாக்டர், இந்த மருந்தால எனக்குக் குழந்தை பிறக்கிற வாய்ப்பு பாதிக்குமா? பாதிக்கும்னா, அதுக்கு முன்னாடி சேமிச்சு வைக்க எனக்கு எத்தனை நாள் இருக்கு?"

இரண்டாவது பாதிதான் முக்கியம். எத்தனை நாள் என்று கேட்டால்தான் மருத்துவர் காலண்டரைப் பார்ப்பார்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. முடி கொட்டுவது அதனால்தான். ஆணின் விரைகளில் விந்தணுக்கள் தினமும் புதிதாக உருவாகின்றன. அந்த உற்பத்திக்கு மூலமான செல்களும் அடி வாங்கும். பெண்ணின் கதை வேறு. பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுக்கு உரிய முட்டைகள் அனைத்தும் சினைப்பையில் இருக்கும். அதன் பிறகு குறையுமே தவிர, கூடாது. கீமோ அந்த இருப்பிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுக்கும் என்பது மருந்தையும் வயதையும் பொறுத்தது. சைக்ளோபாஸ்ஃபமைட், புசல்ஃபான், புரோகார்பசின் போன்ற மருந்துகளில் ஆபத்து அதிகம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் தரும் அதிக அளவு மருந்துகளிலும், இடுப்புப் பகுதிக்குத் தரும் கதிர்வீச்சிலும் அப்படித்தான். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்குப் பரவலாகத் தரும் ஏபிவிடி என்ற மருந்துக் கூட்டில் ஆபத்து குறைவு. ஆனால் அந்த மருந்துக்கு நோய் அடங்கவில்லை என்றால் அடுத்து வருவது வீரியமான மருந்து. அதனால் ஆபத்து குறைவு என்று சொன்னாலும் முன்கூட்டியே சேமித்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஆண்களுக்கு இது மிகச் சுலபம், ஆனாலும் அவர்கள்தான் அதிகமாகத் தவறவிடுகிறார்கள். காரணம் வெட்கம். பையனோடு அப்பா வந்திருப்பார், மாமா வந்திருப்பார். இந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வராது. நீங்கள் தம்பியோ அண்ணனோ அப்பாவோ யாராக இருந்தாலும், கொஞ்ச நேரம் வெளியே போய் உட்காருங்கள். அவன் டாக்டரிடம் தனியாகப் பேசட்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை. பிறகு மையத்தில் உள்ள தனி அறையில், சுய இன்பம் மூலம் விந்து மாதிரி கொடுப்பது. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் எண்ணிக்கை நன்றாக இருக்கும். நேரம் இல்லையென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்கூட இரண்டு மூன்று தடவை கொடுக்கலாம். அதற்கும் நேரம் இல்லையென்றால் ஒரே ஒரு மாதிரி போதும். எச்சில், எண்ணெய், சோப்பு, சாதாரண காண்டம் எதுவும் படக் கூடாது. எல்லாமே விந்தணுவைக் கெடுக்கும். மாதிரியோடு ஒரு பாதுகாப்புத் திரவம் கலந்து, சின்னக் குப்பிகளில் அடைத்து, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். காய்ச்சலும் நோயும் இருக்கும்போது எண்ணிக்கை குறைவாகவே வரும். "கவுன்ட் கம்மியா இருக்கு, வேஸ்ட்" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். உறைய வைத்து எடுக்கும்போது பாதிகூட இறந்து போகலாம். ஆனால் இக்ஸி என்ற முறையில் ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துகிறார்கள். அதனால் சில விந்தணுக்கள் பிழைத்தாலே பயன் உண்டு. விந்தில் ஒன்றுமே இல்லையென்றால், விரையிலிருந்து சிறு திசு எடுத்துத் தேடிப் பார்க்கவும் வழி இருக்கிறது.

கீமோ தொடங்கிய பிறகு கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். மருந்து பட்ட விந்தணுவில் மரபணுச் சேதம் இருக்கலாம். அதனால்தான் "முதல் பாட்டிலுக்கு முன்" என்று அழுத்திச் சொல்கிறேன்.

பெண்களுக்குச் சுமார் இரண்டு வாரம் வேண்டும். இதை ஒரு உதாரணத்தோடு நாள் கணக்காகப் பார்ப்போம். 29 வயது, திருமணமாகாத பெண். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. காயம் ஆறியதும், நான்கு வாரம் கழித்து கீமோ என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த நான்கு வாரம்தான் அவருக்குக் கிடைத்த இடைவெளி.

முதல் நாள் ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையும் சினைப்பை ஸ்கேனும் எடுப்பார்கள். எத்தனை முட்டை கிடைக்கலாம் என்று அதில் ஓரளவு தெரியும். முன்பெல்லாம் மாதவிலக்கு வரும்வரை காத்திருந்து ஊசி தொடங்குவார்கள். இப்போது அப்படி இல்லை. சுழற்சியின் எந்த நாளில் வந்தாலும் தொடங்கலாம். "பீரியட்ஸ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு மையம் சொன்னால், காரணத்தைக் கேளுங்கள். அந்தக் காத்திருப்பிலேயே உங்கள் நான்கு வாரம் கரைந்துவிடும்.

அதன் பிறகு பத்து, பன்னிரண்டு நாள் தினமும் ஒரு ஊசி. வயிற்றுத் தோலின் அடியில் போடுவது. இன்சுலின் மாதிரி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். சாதாரணமாக மாதம் ஒரு முட்டைதான் முதிரும். இந்த ஊசியால் பல முட்டைகள் ஒன்றாக முதிரும். இங்கே ஒரு நியாயமான பயம் வரும். முட்டைகள் வளரும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறும். மார்பகப் புற்றுநோயில் பல வகைகள் ஈஸ்ட்ரோஜனால் வளரக்கூடியவை. அதனால்தான் கூடவே லெட்ரோசோல் மாத்திரை தருகிறார்கள். அது ஈஸ்ட்ரோஜனைத் தாழ்வாகவே வைத்திருக்கும். உங்கள் சீட்டில் அந்த மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஸ்கேன். முட்டைப் பைகள் வேண்டிய அளவுக்கு வளர்ந்ததும், இரவில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு கடைசி ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுப்பார்கள். அந்த ஊசி மட்டும் சொன்ன நேரத்துக்கு போட்டே ஆகணும். போனில் அலாரம் வைத்துவிடுங்கள். முட்டை எடுப்பது லேசான மயக்கத்தில், ஸ்கேன் பார்த்தபடி, பிறப்புறுப்பு வழியாக மெல்லிய ஊசியால் செய்வது. அரை மணிக்குள் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்குப் போகலாம். வயிறு ஊதுவதும் லேசான வலியும் இருக்கும். வயிறு வேகமாக ஊதி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் உடனே போன் பண்ணுங்கள்.

திருமணமாகாத பெண்ணின் அம்மா என்னிடம் தனியாக வந்து ஒன்று கேட்பார். "டாக்டர், நாளைக்குக் கல்யாணத்துல ஏதாவது பிரச்சினை வருமா?" அவர் எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். கன்னித்திரையை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்ல முடியாது, அது முதல் விஷயம். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால், வயிற்றின் வழியாகவே ஸ்கேனும் முட்டை எடுப்பதும் செய்ய முடியும். இந்த ஒரு தயக்கத்தால் நாளைக் கடத்தாதீர்கள், அம்மா.

இப்போது கணக்கு. இவருக்கு 12 முட்டை கிடைத்து, அதில் 9 முதிர்ந்தவை என்று வைத்துக்கொள்வோம். முதிர்ந்தவற்றைத்தான் உறைய வைப்பார்கள். பின்னாளில் வெளியே எடுக்கும்போது ஒன்றிரண்டு பிழைக்காது. மிச்சத்தில் விந்தணு சேர்ந்து கருவாவது ஐந்தாறு இருக்கலாம். அவற்றில் ஐந்து நாள் வளர்ந்து கருப்பைக்குள் வைக்கும் நிலைக்கு வருவது இரண்டோ மூன்றோ. அவை ஒவ்வொன்றும் குழந்தையாகும் என்ற உறுதியும் இல்லை. ஆக, 9 முட்டை என்பது 9 குழந்தை அல்ல; ஒரு குழந்தைக்கான நல்ல வாய்ப்பு. 38 வயதில் இதே 9 முட்டைக்கு வாய்ப்பு இன்னும் குறையும்.

கீமோ முடிந்து மாதவிலக்கு திரும்ப வந்துவிட்டால் இது வீண்தானே என்று கேட்கலாம். இல்லை. ஹார்மோன் வகைப் புற்றுநோய் என்றால் அதன் பிறகு ஐந்து வருடமோ அதற்கு மேலோ டாமாக்சிஃபென் போன்ற மாத்திரை இருக்கும். அதைச் சாப்பிடும்போது கர்ப்பமாகக் கூடாது. 29 வயதுப் பெண் அதற்குள் 35 ஆகிவிடுவார். 2023-இல் வெளியான பாசிட்டிவ் ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மாத்திரை எடுத்த பெண்கள், அதிகபட்சம் இரண்டு வருடம் நிறுத்திக் கர்ப்பத்துக்கு முயன்றார்கள். அந்தக் குறுகிய காலத்தில் நோய் திரும்புவது அவர்களுக்குக் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அப்படி நிறுத்துவதை உங்கள் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எப்போது முயன்றாலும் கையில் இருப்பது 29 வயது முட்டை என்பதுதான் லாபம்.

இரண்டு வாரம் கிடைக்காத நோய்களும் உண்டு. கடுமையான ரத்தப் புற்றுநோய் என்றால் ஓரிரு நாளில் கீமோ தொடங்க வேண்டியிருக்கும். அங்கே உயிர்தான் முதலில். ஆணாக இருந்தால் அன்றே ஒரு மாதிரி கொடுத்துவிடலாம், பெண்ணுக்கு ஊசி போட்டு முட்டை எடுக்க நேரம் இருக்காது. வேறு சில புற்றுநோய்களில் நேரம் இல்லாவிட்டால், லேப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைத்து, பிறகு திரும்பப் பொருத்துகிறார்கள். ரத்தப் புற்றுநோயில் இதற்குத் தயங்குவார்கள், திசுவோடு நோய்ச் செல்லும் திரும்பி வரலாம் என்பதால். கீமோ நாட்களில் மாதா மாதம் போடும் கோசரெலின் ஊசி சினைப்பையைக் காக்க ஓரளவு உதவுகிறது, ஆனால் முட்டை சேமிப்புக்கு அது மாற்று இல்லை.

அடுத்து, எங்கே சேமிப்பது. 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற மையத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தில், உங்களுக்கு மரணமோ செயலிழப்போ நேர்ந்தால் சேமித்ததை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். "இப்பவே ஏன் சாவைப் பத்தி எழுதச் சொல்றாங்க" என்று மனசு உடைந்து போகிறவர்கள் உண்டு. சட்டம் எல்லோரிடமும் கேட்கச் சொல்கிற கேள்வி அது, உங்கள் நோயைப் பார்த்துக் கேட்பதில்லை. திருமணமானவர்களுக்கு ஒரு வார்த்தை: முட்டையாக வைத்தால் அது உங்களுடையது. கருவாக வைத்தால் அதில் கணவர், மனைவி இருவருக்கும் பங்கு உண்டு. நாளை பயன்படுத்த இருவரின் ஒப்புதலும் வேண்டும். இரண்டையும் பாதிப் பாதியாக வைக்க முடியுமா என்றும் கேட்கலாம்.

சேமித்ததற்கு வருடா வருடம் கட்டணம் உண்டு. கையெழுத்துப் போடும் முன்னே முதல் செலவு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு, கட்டத் தவறினால் என்ன ஆகும், எத்தனை வருடம் வைப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். சிகிச்சை நடக்கும் காலத்தில் போன் நம்பர் மாறும், வீடு மாறும், மையத்தின் நினைவூட்டல் பழைய நம்பருக்கே போய்க்கொண்டிருக்கும். அதனால் இரண்டு நம்பர் கொடுங்கள், ஒன்று உங்களுடையது, இன்னொன்று அண்ணன், அக்கா மாதிரி எப்போதும் கிடைக்கும் ஒருவருடையது. குப்பி எண், சேமித்த தேதி, எண்ணிக்கை எல்லாம் உள்ள சான்றை ஸ்கேன் செய்து டிஜிலாக்கரில் ஏற்றிவிடுங்கள், அசலை பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள். வருடக் கட்டணத் தேதியை இன்றைக்கே போன் காலண்டரில் குறித்துவிடுங்கள்.