மரக்கறியிலிருந்து நன்னூலுக்கு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஹெந்தளையிலும் வெள்ளவத்தையிலும் மட்டுமன்றி, கடல் கடந்தும் நம்மவர் பலர் இன்று பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம். சந்தி என்றதும் பிள்ளை கொப்பியை மூடிவிடுகிறது. சூத்திரத்தை முன்னும் உதாரணத்தைப் பின்னும் வைப்பதே அதற்குக் காரணம். வரிசையை மாற்றிப் பாருங்கள்.

மகர ஈற்றை எடுத்துக்கொள்வோம். கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள். முதல் நிரலில் மரக்கறி, புறக்கோட்டை, காலி முகத்திடல், பணப்பை, ஆரம்பப் பாடசாலை. இரண்டாம் நிரலில் மரங்கள், படங்கள், மரங்கொத்தி, காலந்தாழ்த்தி. ஒவ்வொன்றையும் பிள்ளையே பிரிக்கட்டும்: மரம் + கறி, புறம் + கோட்டை, மரம் + கள். எல்லாவற்றிலும் முதற்சொல் ‘ம்’ என்றே முடிகிறது. ஆனால் முதல் நிரலில் ‘ம்’ கெட்டு வல்லெழுத்து மிகுந்தது. இரண்டாம் நிரலில் ‘ம்’, க முன் ‘ங்’ ஆகவும் த முன் ‘ந்’ ஆகவும் திரிந்தது.

ஏன் இந்த வேறுபாடு என்று கேளுங்கள். முதல் நிரலில் இரண்டு பெயர்கள் சேர்ந்து ஒரு பெயராயின. இரண்டாவதில் பின்னால் வருவது ‘கள்’ விகுதி, அல்லது கொத்து, தாழ்த்து போன்ற வினையடி. இதைப் பிள்ளை தானே சொன்ன பிறகு நன்னூலின் 219ஆம் சூத்திரத்தைத் திறவுங்கள். இரண்டே அடி. மகரம் கெட்டு உயிரீறு போல நடக்கும், அல்லது வல்லினத்துக்கு இனமாகத் திரியும் என்பதே அதன் பொருள். அப்போது அது பாரமாக இராது; கண்டதன் சுருக்கமாக இருக்கும்.

கவனிக்க வேண்டிய இடமும் உண்டு. பழச்சாறு, பழஞ்சோறு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். முன்னது பழம் + சாறு. பின்னது பழமை + சோறு. ‘மை’ கெட்டு இனமெல்லெழுத்து தோன்றியது. பழந்தமிழ், பழங்கதை இவையும் அந்த இனமே. பழச்சோறு என்று எழுதினால் பழம் போட்ட சோறாகிவிடும். ஓர் எழுத்தில் பொருளே மாறுகிறது.

நாம் கண்ட வேறுபாடு எங்கும் செல்லாது. குளக்கரை, குளங்கரை இரண்டும் வழங்கும். அவற்றை மூன்றாம் நிரலில் எழுதி வையுங்கள்.

பிள்ளைக்கு விளங்கியதா என்று அறிய, காணாத சொல்லைக் கொடுங்கள். வட்டம் + மேசை. வட்டமேசை என்று சொல்லி, இங்கே ஏன் எழுத்து மிகவில்லை என்று கேட்டால், மெல்லினம் மிகாது என்பதைத் தானே கண்டுகொள்ளும்.

ஆறுமுக நாவலர் தம் ‘இலக்கணச் சுருக்க’த்தில் விதிகளை வசனநடையில் தந்து, உதாரணமும் தேர்வு வினாக்களும் சேர்த்தார். அந்த வினாக்களுக்குப் பிள்ளை விடை சொல்ல, முதலில் வீட்டிலுள்ள சொற்களால் ஒரு கொப்பி நிறையட்டும்.