மூணு டைஸ், ஒரு கேள்வி: எது பெஸ்ட்?

இன்னிக்கு எபிசோடுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் பக்கத்துல இருந்தா நல்லது. பஸ்ல கேட்டுட்டு இருக்கீங்கன்னா பரவாயில்ல, எண்கள் ரொம்பக் கம்மிதான், மனசுல வச்சுக்கலாம்.

உங்க முன்னாடி மூணு டைஸ் இருக்குனு வச்சுக்கோங்க. லூடோல வர்ற அதே சைஸ், அதே ஆறு பக்கம். ஆனா எண்கள் மட்டும் வேற.

சிவப்பு டைஸ்ல அஞ்சு பக்கம் 3, ஒரு பக்கம் 6.
நீல டைஸ்ல மூணு பக்கம் 2, மூணு பக்கம் 5.
பச்சை டைஸ்ல ஒரு பக்கம் 1, அஞ்சு பக்கம் 4.

விளையாட்டு ரொம்ப சிம்பிள். நீங்க ஒரு டைஸ் எடுங்க, நான் ஒண்ணு எடுக்கிறேன். ரெண்டு பேரும் உருட்டுவோம். யாருக்குப் பெரிய எண் விழுதோ அவங்களுக்கு ஒரு பாயிண்ட். எந்த எண்ணும் ரெண்டு டைஸ்ல இல்ல, அதனால சமன் வரவே வராது.

இப்போ நீங்க எந்த டைஸ் எடுப்பீங்க? ஒண்ணை மனசுல முடிவு பண்ணிக்கோங்க. அப்புறம் மாத்தக் கூடாது.

இதை நான் என் அக்கா பொண்ணுகிட்ட விளையாடிப் பார்த்தேன். பத்தாவது படிக்கிறா, கணக்குல கெட்டி. சாதாரண லூடோ டைஸ் மூணு வாங்கி, ஒவ்வொரு பக்கத்துலயும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கர்ல எண் எழுதினோம். அவ உடனே எடுக்கல. "இரு சித்தி, சராசரி பார்க்கிறேன்"னு உட்கார்ந்துட்டா. சிவப்புல மொத்தம் 21. நீலத்துல 21. பச்சைலயும் 21. ஆறால வகுத்தா மூணுக்குமே சராசரி 3.5.

"அப்போ மூணும் ஒண்ணுதான். எதை எடுத்தாலும் பாதிக்குப் பாதி." இது அவளோட முதல் கணிப்பு. அதைப் பேப்பர்ல எழுத வச்சேன். கணிப்பை உருட்டுறதுக்கு முன்னாடியே எழுதிடணும். இல்லன்னா ரிசல்ட் வந்ததும் "நான் இதைத்தான் நினைச்சேன்"னு நம்ம மனசு நம்மளையே ஏமாத்திடும்.

முதல்ல சிவப்பும் நீலமும். 20 தடவை உருட்டினோம். சிவப்புக்கு 9, நீலத்துக்கு 11. "பார்த்தியா, பாதிக்குப் பாதி!"னா அவ. "இன்னும் உருட்டு"ன்னேன். 100 வரைக்கும் போனோம். இப்போ சிவப்பு 57, நீலம் 43.

இது சும்மா அதிர்ஷ்டமா, இல்ல சிவப்பு உண்மையிலேயே பலசாலியா? இதைக் கண்டுபிடிக்க உருட்டவே வேண்டாம். பேப்பர்ல ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்க, மொத்தம் 36 கட்டம். இடது பக்கம் மேலிருந்து கீழே சிவப்போட ஆறு பக்கங்கள். மேலே வரிசையா நீலத்தோட ஆறு பக்கங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஜோடி. டைஸ் சீரா இருந்தா எந்த ஜோடி விழவும் ஒரே அளவு வாய்ப்புதான்.

சிவப்புல 6 விழுந்தா நீலத்துல எது வந்தாலும் சிவப்புக்கு வெற்றி. அது 6 கட்டம். சிவப்புல 3 விழுந்தா, நீலம் 2 ஆக இருக்கும்போது மட்டும் வெற்றி. 3 இருக்கிற அஞ்சு வரிசையிலும் அப்படி மூணு மூணு கட்டம், ஆக 15. ஆறும் பதினஞ்சும் 21. அதாவது 36-ல 21 கட்டம் சிவப்புக்கு. நிகழ்தகவுனு ஸ்கூல்ல படிக்கிறோமே, அது இதுதான்: சாதகமான கட்டங்களை எண்ணி, மொத்தக் கட்டங்களால வகுக்கிறது. 21/36, கிட்டத்தட்ட 58 சதவீதம்.

அப்போ முதல் 20 தடவைல நீலம் எப்படி முன்னாடி இருந்தது? 58-க்கும் 50-க்கும் வித்தியாசம் கம்மி. 20 தடவை மட்டும் உருட்டினா, பத்து பேர் விளையாடுற இடத்துல சுமார் மூணு பேருக்கு சிவப்பு முன்னிலைக்கே வராது. 100 தடவை உருட்டினா அப்படி நடக்கிறது நூறு பேர்ல சுமார் ஆறு பேருக்குத்தான். நிறைய தடவை உருட்டினா டைஸோட பலம் கூடிடாது. ஏற்கெனவே இருக்கிற பலம் அதிர்ஷ்டத்தோட சத்தத்துக்கு மேல கேட்க ஆரம்பிக்குது, அவ்வளவுதான்.

அடுத்து நீலமும் பச்சையும். இதுலயும் அதே கட்டம். நீலத்துல 5 விழுந்தா எல்லாமே வெற்றி, 18 கட்டம். 2 விழுந்தா பச்சையோட 1-ஐ மட்டும் ஜெயிக்கும், 3 கட்டம். மறுபடியும் 36-க்கு 21. நீலம் பச்சையை ஜெயிக்குது. உருட்டினப்போ 60-க்கு 40 வந்தது.

கடைசியா சிவப்பும் பச்சையும். இப்போ அவ கணிப்பு பலமா இருந்தது: "சிவப்பு நீலத்தை ஜெயிக்குது. நீலம் பச்சையை ஜெயிக்குது. அப்போ சிவப்பு பச்சையை நொறுக்கிடும்." நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீங்க. நான் உன்னைவிட உயரம், நீ அவனைவிட உயரம்னா, நான் அவனைவிட உயரம்தானே?

100 தடவை உருட்டினோம். பச்சை 71. சிவப்பு 29.

"டைஸ்ல ஏதோ கோளாறு"ன்னு ஸ்டிக்கரை எல்லாம் தடவிப் பார்த்தா. கோளாறு இல்ல. கட்டம் போடுங்க: பச்சையோட 4 அஞ்சு பக்கம், சிவப்போட 3 அஞ்சு பக்கம். அஞ்சைந்து 25. 36-க்கு 25 கட்டம், கிட்டத்தட்ட 69 சதவீதம், பச்சைக்கு. மூணு மோதல்ல இதுதான் பெரிய வித்தியாசம்.

ஆக, சிவப்பு நீலத்தை ஜெயிக்கும், நீலம் பச்சையை ஜெயிக்கும், பச்சை சிவப்பை ஜெயிக்கும். கல், கத்தரிக்கோல், காகிதம் மாதிரி ஒரு வட்டம். பதினொண்ணாவது கணக்குப் புத்தகத்துல "கடப்பு"னு ஒரு தொடர்பு படிப்பீங்க. உயரத்துக்கு அது உண்டு. இந்த டைஸ்களோட வெற்றிக்கு அது கிடையாது. அதனால "எது பெஸ்ட் டைஸ்?"னு நான் ஆரம்பத்துல கேட்டேனே, அந்தக் கேள்விக்குப் பதிலே இல்ல. எதிர்ல எது இருக்குங்கிறதைப் பொறுத்துதான் பதில்.

சரி, சராசரி ஒண்ணா இருந்தும் இது எப்படி? இங்கதான் விஷயம் இருக்கு. பச்சைக்கும் சிவப்புக்கும் நடக்கிற 36 கட்டத்தை மறுபடி எடுங்க. இந்தத் தடவை யார் ஜெயிச்சாங்கனு மட்டும் பார்க்காம, எவ்வளவு வித்தியாசத்துலனும் பாருங்க.

பச்சை ஜெயிக்கிற 25 கட்டத்துலயும் 4-க்கு 3, ஒரே ஒரு எண் வித்தியாசம். கூட்டினா 25. பச்சை தோக்கிற கட்டங்கள் 11 தான். அதுல அஞ்சு கட்டத்துல 4-க்கு 6, வித்தியாசம் ரெண்டு, மொத்தம் 10. இன்னொரு அஞ்சு கட்டத்துல 1-க்கு 3, அதுவும் 10. மிச்சம் ஒரு கட்டத்துல 1-க்கு 6, வித்தியாசம் 5. எல்லாம் கூட்டினா 25. வரவும் 25, செலவும் 25!

சராசரி சொல்றது இந்த வரவு செலவைத்தான். அது பொய் சொல்லல. ஆனா நம்ம விளையாட்டு வித்தியாசத்தைக் கணக்குலயே எடுக்கல. கிரிக்கெட் லீக்ல ஒரு ரன்ல ஜெயிச்சாலும் நூறு ரன்ல ஜெயிச்சாலும் அதே ரெண்டு பாயிண்ட்தானே? பச்சை அடிக்கடி ஒரு ரன்ல ஜெயிக்கிற டீம். தோத்தா மட்டும் பெருசா தோக்கும். பாயிண்ட்ஸ் டேபிள்ல அது மேலதான் இருக்கும்.

இந்த மாதிரி டைஸ்கள்ல ரொம்பப் பிரபலமான ஒரு செட்டை உருவாக்கினவர் பிராட்லி எஃப்ரான், ஸ்டான்ஃபோர்டு புள்ளியியலாளர். அவரோடது நாலு டைஸ். 1970-ல மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகைல எழுதின பிறகு உலகம் முழுக்கப் பரவிச்சு. வாரன் பஃபெட்டுக்கு இந்த மாதிரி டைஸ்னா இஷ்டம்னு சொல்வாங்க. ஒரு தடவை அவர் பில் கேட்ஸை விளையாடக் கூப்பிட்டாராம். கேட்ஸ் டைஸ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "முதல்ல நீங்க எடுங்க"ன்னாராம்.

அந்த ஒரு வரிலதான் மொத்த விளையாட்டும் இருக்கு. முதல்ல எடுக்கிறவங்க எதை எடுத்தாலும், அதை ஜெயிக்கிற டைஸ் மேஜைல மிச்சம் இருக்கும். "நீயே முதல்ல செலக்ட் பண்ணு"னு யாராவது பெருந்தன்மையா சொன்னா, அது பெருந்தன்மை இல்லாமலும் இருக்கலாம். பந்தயம் இருந்தா, முதல்ல எடுக்கிறவர் எவ்வளவு நேரம் விளையாடுறாரோ அவ்வளவுக்கு இழப்பார். நீங்க மனசுல எடுத்து வச்ச டைஸை நினைச்சுப் பாருங்க. அதை அடிக்க நான் எதை எடுப்பேன்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதே டைஸ், ஆனா ஒவ்வொருத்தரும் ரெண்டு தடவை உருட்டிக் கூட்டணும். யாரோட கூட்டுத்தொகை பெருசோ அவங்களுக்குப் பாயிண்ட். சிவப்பு நீலத்தை இன்னும் நல்லா ஜெயிக்கும்னு தோணுதா?

தலைகீழ். இப்போ நீலம் சிவப்பை ஜெயிக்கும், சுமார் 59 சதவீதம். ஏன்? சிவப்புக்கு 36-ல 25 தடவை மூணும் மூணும் விழுந்து 6 தான் வரும். நீலத்துக்குப் பாதி நேரம் ரெண்டும் அஞ்சும் சேர்ந்து 7. அது அந்த 6-ஐ ஒரே ஒரு எண்ல தாண்டிடும். கால்வாசி நேரம் நீலத்துக்கு 10 வரும், அது கிட்டத்தட்ட எப்பவும் வெற்றி. மிச்சக் கால்வாசில 4 வந்து தோக்கும்.

அதே மாதிரி பச்சை நீலத்தை ஜெயிக்கும், அதுவும் 59. சிவப்பு பச்சையை ஜெயிக்கும், ஆனா மயிரிழைல, 52-க்கும் கொஞ்சம் கம்மி. வட்டம் அப்படியே எதிர்த்திசைல சுத்துது.

வீட்ல செய்து பார்க்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த 52 சதவீதத்தை 100 தடவைல பிடிக்க முடியாது. பத்து பேர் 100 தடவை உருட்டினா, நாலு பேருக்கு சிவப்பு முன்னிலைக்கே வராது. அதைப் பார்த்துட்டு "சித்தி சொன்னது தப்பு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. அங்க உருட்டுறதைவிடக் கட்டம் போடுறதுதான் நம்பகம்.

டைஸ் இல்லன்னா மூணு டப்பால ஆறு ஆறு சீட்டு போட்டு, குலுக்கி ஒண்ணு எடுங்க. எடுத்ததைத் திரும்ப உள்ள போட்டுட்டுத்தான் அடுத்தது எடுக்கணும், மறந்துடாதீங்க. திரும்பப் போடலன்னா அது வேற கணக்கு. அதை அடுத்த எபிசோடுல பேசலாம்.