ஐந்து வரிக் குறிப்பேடு: கடைசி வரியை ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்

(தொலைக்காட்சிக் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் பெற்றோர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் வருகிறது. “சார், பையன் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான். ஆனால் புள்ளி மட்டும் ஏறவில்லையே, ஏன்?” பையனிடம் கேட்டால், “படித்தேன் சார், பரீட்சையில் மறந்துபோச்சு” என்கிறான். இருவருமே பொய் சொல்லவில்லை. படித்தது உண்மை, மறந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு மட்டும் வீட்டில் கணக்கு இல்லை.

கணக்கு என்றால் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். செம்பனை வருவதற்கு முன்பு இந்த வட்டாரத்தில் ரப்பர்தானே! பால் நிறுக்கும் இடத்தில் வாளியில் எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்து எழுதிவிட மாட்டார்கள். மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டு, அதில் உண்மையான ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மழைத் தண்ணீர் கலந்தால் வாளி நிறையும், ரப்பர் கூடாது. நம் பிள்ளைகள் மேசையில் உட்காரும் மூன்று மணி நேரம் வாளியின் அளவு. மனத்தில் தங்குவது ரப்பர். நாம் வாளியை மட்டும் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

இதை அளக்க ஒரு குறிப்பேடு போதும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. இது புதுமையும் அல்ல. நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நாள் பாடத்திட்டத்தின் கீழே “சிந்தனை மீட்சி” என்று ஒரு பகுதி எழுதுகிறார்கள். இன்றைய பாடம் எத்தனை மாணவரைச் சென்றடைந்தது, யாருக்குக் குறைநீக்கல் தேவை என்று அங்கே குறிக்க வேண்டும். கற்பிப்பவருக்கு அந்தப் பழக்கம் கட்டாயம். கற்பவருக்கு மட்டும் அப்படி ஒன்று இல்லை.

என்ன எழுதுவது?

ஒவ்வொரு முறை படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். ஐந்தே வரி. முதல் வரி: தேதி, பாடம், எத்தனை நிமிடம். இரண்டாவது வரி: எப்படிப் படித்தேன். திரும்பத் திரும்ப வாசித்தேனா, மூடிவைத்து எழுதிப் பார்த்தேனா, பழைய வினாத்தாள் செய்தேனா, தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தேனா? மூன்றாவது வரி: பத்துக் கருத்தில் எத்தனை பார்க்காமல் வந்தது. நான்காவது வரி: எந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஐந்தாவது வரியைக் காலியாக விட வேண்டும். சரியாக ஒரு வாரம் கழித்து, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பு, அதே பத்துக் கருத்துகளை ஒரு வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்து, எத்தனை வந்தது என்று அங்கே குறிக்க வேண்டும்.

இந்த ஐந்தாவது வரிதான் குறிப்பேட்டின் உயிர். மற்ற நான்கும் அதற்காகத்தான்.

எடுத்துக்காட்டாக, படிவம் நான்கு மாணவி ஒருவர் வரலாற்றுப் பாடத்தில் மலாயன் யூனியனைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஒரு மணி நேரம். மஞ்சள் பேனாவால் கோடிட்டு மூன்று முறை வாசிக்கிறார். புத்தகத்தை மூடியதும் பத்தில் ஒன்பது வருகிறது. மனத்துக்கு நிறைவு. புதன்கிழமை அடுத்த பகுதி, 1948இல் அமைந்த மலாயாக் கூட்டரசு. இந்த முறை ஒரே தடவை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி எழுதுகிறார். திறந்து சரிபார்த்து, விட்டதை மறுபடியும் மூடிவைத்து எழுதுகிறார். அதே ஒரு மணி நேரம். கடைசியில் பத்தில் ஏழுதான் வருகிறது. களைப்பு வேறு.

அன்றைக்கே எது நல்ல முறை என்று கேட்டால், அந்த மாணவி திங்கட்கிழமை முறையைத்தான் சொல்வார். நியாயம்தானே, ஒன்பது பெரிதா ஏழு பெரிதா? ஆனால் ஒரு வாரம் கழித்து ஐந்தாவது வரியை நிரப்பும்போது திங்கட்கிழமைப் பாடத்தில் நான்கும் புதன்கிழமைப் பாடத்தில் ஆறும் வந்தால், அவர் வேறு முடிவுக்கு வருவார்.

இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் சொன்னவை. ஆனால் இதன் போக்கு உண்மையானது. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு தவணையும் வாசித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு தவணை வாசித்துவிட்டு, மூன்று தவணை பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள். எழுதியவர்கள் 61இல் நின்றார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்த குழுவினர்தான்!

ஆகவே அன்பு மாணவர்களே, “இன்று நன்றாகப் படித்தேன்” என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். அது உங்கள் உணர்ச்சி. அந்த உணர்ச்சி நம்மை ஏமாற்றும். எண்ணை எழுதுங்கள், அதையும் ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்.

நின்ற இடம் எது?

இப்போது நான்காவது வரிக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரி தனி உதவி செய்யும்.

மலாயன் யூனியனை மலாய்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்ற கேள்வியில் ஒரு மாணவர் நின்றுவிடுகிறார். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சுல்தான்களின் அதிகாரம் பறிபோனதும், குடியுரிமை விதிகள் தளர்த்தப்பட்டதும், ஹெரால்ட் மெக்மைக்கேல் சுல்தான்களிடம் கையொப்பம் வாங்கிய விதமும் அவருக்குப் புரியாமலே இருக்கலாம். அல்லது இவை எல்லாம் புரிந்தும், குடியுரிமைக்கு உரிய “கெரக்யாத்தான்” என்ற மலாய்ச் சொல் வாயில் வராமல் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், விடைத்தாளில் வெற்றிடம். ஆனால் மருந்து வேறு வேறு.

எப்படிக் கண்டுபிடிப்பது? அதே விடையைத் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழில் வந்துவிட்டால் ஓரத்தில் “சொல்” என்று குறியுங்கள். தமிழிலும் வராவிட்டால் “பொருள்” என்று குறியுங்கள். பத்து நாள் குறிப்பைப் புரட்டினால் எது அதிகம் என்று தெரிந்துவிடும். “சொல்” அதிகமென்றால், அந்தப் பாடத்துக்கு இருபது மலாய்ச் சொற்களைத் தனியாக எடுத்து, அவற்றை வைத்து வாக்கியம் எழுத வேண்டும். “பொருள்” அதிகமென்றால் தனியாக உட்கார்ந்து மேலும் ஒரு மணி நேரம் படிப்பதில் பயனில்லை. அந்த வரியைக் காட்டி ஆசிரியரிடம் கேட்க வேண்டும். “சார், எனக்குச் செஜாரா வராது” என்று சொல்லும் மாணவருக்கு எந்த ஆசிரியரும் உடனே உதவிவிட முடியாது. “கூட்டரசில் குடியுரிமை எப்படிக் கடுமையானது என்பது புரியவில்லை” என்று சொல்பவருக்குப் பத்து நிமிடத்தில் உதவலாம்.

கணிதத்துக்கும் இதே வரிதான். ஒருவர் `5 − 2(x − 3)` என்பதை விரித்து `5 − 2x − 6` என்று எழுதுகிறார். சரியான விடை `5 − 2x + 6`, அதாவது `11 − 2x`. குறிப்பேட்டில் “கவனக்குறைவு” என்று எழுதினால் அதோடு முடிந்தது. நாளைக்கும் அதே தவறு வரும். “அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி, இரண்டாவது உறுப்பின் குறியை மாற்றவில்லை” என்று எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் இதே வாக்கியம் நான்கு முறை வந்தால், அது கவனக்குறைவு இல்லை. அவருக்கு அந்த விதியே இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அதுமாதிரிக் கணக்குகள் பத்து செய்தால் போதும். முழு அத்தியாயத்தையும் மறுபடி புரட்ட வேண்டியதில்லை.

எங்கே கெடும்?

இந்தப் பழக்கம் கெட்டுப்போகும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, சடங்காகிப் போவது. சிந்தனை மீட்சியில் “30 பேரில் 25 பேர் நோக்கத்தை அடைந்தனர்” என்று எண்ணை மட்டும் மாற்றி எழுதப்படுவதை ஆசிரியர்கள் அறிவார்கள். மாணவர் குறிப்பிலும் நான்காவது வரி மூன்று நாள் ஒரே மாதிரி “எல்லாம் சரி” என்று இருந்தால், அவர் புத்தகத்தை மூடாமல் எழுதுகிறார் என்று அறிந்துகொள்ளலாம். இரண்டாவது, நீண்டு போவது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் அது படிப்பு நேரத்தைத் தின்றுவிடும். ஒரு மாதத்தில் நின்றுவிடும். மூன்றாவது, நம்மால் வருவது. பெற்றோர்களே, அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத் திட்டாதீர்கள். “ஏண்டா நான்குதான் வந்தது?” என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து எட்டு என்றுதான் எழுதுவான். பிறகு அந்த ஏட்டால் யாருக்கும் பயனில்லை.

இன்னொன்று. ஒரே ஒரு வாரத்து எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு பாடம் எளிதாக இருந்திருக்கலாம். அன்றைக்குத் தூக்கம் குறைந்திருக்கலாம். ஒரு முறையை மூன்று நான்கு பாடங்களில் பார்த்து, ஐந்தாவது வரி ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அதை நம்பலாம். ஒரே நேரத்தில் முறையையும் நேரத்தையும் இடத்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நடுவர் அவர்களே, 2013ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் சான்றிதழ். மற்ற பாடங்களில் எத்தனை ஏ வாங்கினாலும் வரலாறு தவறினால் சான்றிதழ் கையில் இல்லை. அந்தப் பிள்ளை எந்தப் பாடம் மனத்தில் தங்கவில்லை என்பதைத் தேர்வு மண்டபத்தில் போய்த் தெரிந்துகொள்வதா, இல்லை படிவம் நான்கிலேயே, ஒரு வாரம் தள்ளி, தன் சொந்தக் கையெழுத்தில் தெரிந்துகொள்வதா?

மாணவர்களுக்கு ஒரே வேண்டுகோள். இன்றிரவு படித்து முடித்ததும் நான்கு வரி எழுதுங்கள். ஐந்தாவது வரிக்கு எதிரே அடுத்த வாரத் தேதியை மட்டும் போட்டுவையுங்கள்.