730க்குள் இருந்த 500
(தலைமன்னாரில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பூட்டன் பூட்டிகள் பலர் வந்து இறங்கிய கரை இது. நாம் வேலையை விட்டு இறங்கும் நாளில் கையில் என்ன வரும் என்று இன்று இங்கே கணக்குப் பார்ப்போம்.

2016 கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு பேருக்கு 730 ரூபா என்றார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500தான். வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்காக 30. சேமலாப நிதி அந்த 500க்கு மட்டும் கட்டப்பட்டது. நம்மிடம் நூற்றுக்கு 8, தோட்டம் 12, ஆக நாளுக்கு 100 ரூபா. மிச்சம் 230 ரூபாவுக்கு நிதியில் ஒரு சதமும் விழவில்லை.

2019 ஜனவரி ஒப்பந்தம் அதை 750 ஆக்கியது. ஆயிரம் கேட்டுப் போராடிய நமக்கு 20 ரூபாவா என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் உள்ளே அடிப்படை 700 ஆகியிருந்தது, விலைப் பங்கு 50. நம் 8 வீதம் 40இலிருந்து 56 ஆனதால், முன்பு எல்லாக் கொடுப்பனவும் வாங்கியவருக்குக் கைக்கு வந்தது 690க்குப் பதில் 694. நாலே ரூபா! நிதிக்கோ நாளுக்கு 140 போனது. மாதம் 25 பேர் போட்டால் நிதியில் 1,000 ரூபா கூடுதல். கொழுந்து நிறை குறைந்து அந்த 140ஐ இழந்துவந்த அம்மாமாருக்குக் கைச் சம்பளமும் நன்றாகவே கூடியது.

சேவைக்காலப் பணம் வேறு மாதிரி. 1983 பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில். 30 வருடம் உழைத்த ஒருவருக்கு 500 வீதத்தில் 2,10,000 ரூபா; 700 வீதத்தில் 2,94,000. கடைசிக் காலத்தில் அடிப்படை உயர்ந்தாலும் பழைய வருடங்கள் அத்தனைக்கும் அது பலன் தரும். சேமலாப நிதி அப்படியல்ல. 500க்குக் கட்டிய மாதம் 500க்குக் கட்டிய மாதம்தான், பின்னால் திருத்த வழியில்லை. அதனால்தான் இளம் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிப்பு அதிகம் முக்கியம்.

2024இல் 1,700 பேசப்பட்டபோதும் இதே கதை. அடிப்படை 1,350, மிச்சம் 350 ஊக்கத்தொகை. அந்த 350ம் அடிப்படையில் இருந்தால் நம் கையில் நாளுக்கு 28 ரூபா பிடிபடும், உண்மை. தோட்டம் அதோடு 42 ரூபா போடும். 30 வருடக்காரரின் சேவைக்காலப் பணத்தில் 1,47,000 கூடும்.

வீட்டுக்குப் போனதும் சம்பளச் சீட்டை எடுங்கள். பேர் எண்ணிக்கையை அடிப்படையால் பெருக்குங்கள். 2024இல் இருந்த அடிப்படைப்படி 25 பேருக்கு 1,350 வீதம் 33,750. அதில் 8 வீதம் 2,700. சீட்டில் சேமலாப நிதி என்று பிடித்த தொகை, உங்கள் சீட்டிலுள்ள அடிப்படைக்கு இப்படிக் கணக்கிட்டு வருவதைவிடக் குறைவா? சீட்டோடு தோட்டக் கமிட்டித் தலைவரிடம் வாருங்கள். பிடித்தது சரியாக இருந்தாலும், கட்டினார்களா என்பதை நிதியின் கணக்குக் கூற்றில்தான் பார்க்க முடியும். அதையும் கேட்டு வாங்குங்கள்.