சிங்கப்பூரில் முதல் பொங்கலும் சொட்டிய துணியும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

நம் புதுக்கோட்டைப் பக்கத்தில் சிங்கப்பூரில் ஆள் இல்லாத தெருவே குறைவு. நம் குடியிருப்பிலும் பிள்ளைகளை அனுப்பியவர்கள், அனுப்பப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். என் மகள் அங்கே போனபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன வாரமே வாட்சப்பில் தமிழர் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாள். மாவு எங்கே கிடைக்கும், வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தப்பில்லை. ஆனால் பொங்கலுக்கு அங்கே அரசு விடுமுறை கிடையாது, தீபாவளிக்குத்தான் உண்டு. அதனால் பொங்கல் விழாவைப் பெரும்பாலும் சனி, ஞாயிறில் வைக்கிறார்கள். அது எங்கே நடக்கிறது என்று தேடப் போய்த்தான் பேட்டையின் சமூக மன்றம் தெரிந்தது.

1960-இல் தொடங்கிய மக்கள் கழகம் என்ற அமைப்பு இந்த மன்றங்களை நடத்துகிறது. பல மன்றங்களில் இந்தியர் நற்பணிச் செயற்குழு இருக்கிறது. தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள். ஒரு விழாவுக்குப் போய், நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டுமா என்று கேட்டால் போதும், அடுத்த விழாவுக்கு அவர்களே கூப்பிடுவார்கள். விழாச் செய்திகளுக்குத் தமிழ் முரசு பார்க்கலாம். பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தமிழ் இல்லாவிட்டால் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் படிக்க வழி உண்டு.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், அதே மன்றக் கட்டடத்தில் சமையல், பூப்பந்து, சீன மொழி வகுப்பும் நடக்கும். பொங்கலுக்குப் போனவள் சமையல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். உறுப்பினர் அல்லாதவருக்குக் கட்டணம் கொஞ்சம் கூடுதல்.

அது ஏன் உதவியது என்று கேளுங்கள். அங்கே அடுக்கு மாடிகளில் ஜன்னலுக்கு வெளியே கம்பு நீட்டித் துணி காயப்போடுவார்கள். இவள் துணி சொட்டிக் கீழ்வீட்டுத் துணியெல்லாம் நனைந்தது. கீழ்வீட்டு மலாய் அம்மாள் கோபமாக வந்து நின்றார். தமிழர் குழுவில் கேட்டதற்கு, "கண்டுக்காதீங்க" என்று ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தக் கட்டடம் தெரியாது. சமையல் வகுப்புக்கு வரும், அதே கட்டடத்துச் சீனப் பாட்டிதான் சொன்னார்: இயந்திரத்தில் இன்னொரு தடவை பிழிந்து போடு, கீழே பார்த்துவிட்டுக் கம்பை நீட்டு, முதலில் போய் மன்னிப்புக் கேள். கேட்டாள். அதோடு சரியானது. (நம் சி பிளாக்கிலும் இந்த வழக்கு ஓடுவது எனக்குத் தெரியும்.)

வங்கியில் இருந்தவன் என்பதால் இன்னொன்று. நம்ம ஊர்க்காரர்தானே என்று ரசீது இல்லாமல் சீட்டுக் கட்டாதீர்கள். சொந்த வட்டத்துக்குள் ஏமாந்தால், முகதாட்சண்யத்தில் வெளியே சொல்லவும் வாய் வராது.

பிள்ளைகளை அனுப்பப் போகிறவர்கள் மாலையில் என் வீட்டுக்கு வாருங்கள். அவர்கள் தங்கப்போகும் பேட்டையின் பெயர் இருந்தால், பக்கத்து மன்றம் எது என்று சேர்ந்து தேடிப் பார்க்கலாம்.